அழிக்கப்படும் 62.6: போலாரிமீட்டர் சொல்வதும் ரெக்கார்டு நோட்டு சொல்வதும்

இளநிலை இயற்பியல், வேதியியல் ஆய்வகங்களில் போலாரிமீட்டர் கொண்டு கரும்புச் சர்க்கரையின் தன்சுழற்சியைக் காணும் செய்முறை இந்தியாவின் பல பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. (ஆய்வகத்தில் எல்லாரும் 'ஸ்பெசிஃபிக் ரொட்டேஷன்' என்றுதான் சொல்வார்கள். இங்கே தன்சுழற்சி என்றே எழுதுகிறேன்.) இந்தச் செய்முறைக்குக் கிடைக்க வேண்டிய விடை எல்லாருக்கும் முன்பே தெரியும்: 66.5. மாணவருக்குத் தெரியும், ஆய்வக உதவியாளருக்குத் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும். ஆகவே ரெக்கார்டு நோட்டுகளில் 66-க்கும் 67-க்கும் இடைப்பட்ட எண்களே நிறைந்திருக்கின்றன. கருவியில் உண்மையாகக் கிடைத்த 62, 63 போன்ற எண்கள் பென்சிலால் எழுதப்பட்டு, ரப்பரால் அழிக்கப்பட்டு, பேனாவால் 'திருத்த'ப்படுகின்றன.

என் வாதம் இதுதான். அழிக்கப்படும் அந்த 62.6, அதன்மேல் எழுதப்படும் 66.5-ஐ விட மதிப்பு மிக்கது. பெரும்பாலான வேளைகளில் அது பிழையான அளவீடு அன்று. மிகச் சரியான அளவீடு. பிழை கருவியிலோ மாணவரின் கண்ணிலோ இல்லை. கரைசலைத் தயாரிக்கச் சொல்லும் வாக்கியத்தில் இருக்கிறது. மொழியியல் படித்த ஒருவர் சர்க்கரைக் கரைசலைப் பற்றி எழுத வருவதற்கும் அந்த ஒற்றை வாக்கியமே காரணம்.

முதலில் செய்முறையின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, அதாவது தளவிளைவு பெற்ற ஒளியை, சர்க்கரைக் கரைசலின் வழியே செலுத்தினால், வெளிவரும்போது அந்தத் தளம் ஒரு கோணம் திரும்பியிருக்கிறது. படிகத்தில் மட்டுமே காணப்பட்ட இந்தத் திருப்பம் கற்பூரத் தைலம், சர்க்கரைக் கரைசல் போன்ற நீர்மங்களிலும் உண்டு என்பதை 1815-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பத்தீஸ்த் பியோ கண்டறிந்தார். படிகத்தின் அடுக்கமைப்பு கரைசலில் கலைந்துவிடுகிறது. அப்படியும் திருப்பம் எஞ்சுகிறது என்றால் அது மூலக்கூற்றின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். திரும்பும் கோணம், ஒளி கடக்கும் கரைசலின் நீளத்துக்கும் கரைசலின் செறிவுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது:

```
θ = [α] × l × c
```

இதில் θ டிகிரியில் அளந்த கோணம். l என்பது குழாயின் நீளம், டெசிமீட்டரில்; வழக்கமான 20 செ.மீ. குழாய்க்கு இது 2. c என்பது ஒரு மில்லிலிட்டர் கரைசலில் உள்ள சர்க்கரையின் கிராம் அளவு. [α] என்பதே தன்சுழற்சி. 20 டிகிரி செல்சியசில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், சுக்ரோசுக்கு இது +66.5.

100 மி.லி. கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் c = 0.1. ஆகவே கோணம் 66.5 × 2 × 0.1 = 13.3 டிகிரி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல், ஆறு சதவீதம்

செய்முறைக் கையேடுகள் பலவற்றில் முதற்படி இவ்வாறு இருக்கிறது: "10 கிராம் சர்க்கரையை 100 மி.லி. நீரில் கரைக்கவும்." சமன்பாடு கேட்பதோ "100 மி.லி. கரைசலில் 10 கிராம்". இரண்டு தொடர்களிலும் எண்கள் ஒன்றே, அலகுகள் ஒன்றே, 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபும் ஒன்றே. அந்த உருபை ஏற்கும் பெயர்ச்சொல் மட்டும் மாறுகிறது: நீர், கரைசல். அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. ஒரு டம்ளர் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், அது பாலை ஊற்றிய பின் போட்டதா, போட்ட பின் ஊற்றியதா என்று எவரும் வினவுவதில்லை. மாணவர் அந்தப் பேச்சுவழக்கைக் கொண்டே கையேட்டைப் படிக்கிறார். அளவு ஜாடியில் 100 மி.லி. நீரை அளந்து பீக்கரில் ஊற்றுகிறார், 10 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கலக்குகிறார். கையேடு சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்.

ஆனால் சர்க்கரை கரைந்து மறைந்தாலும் அது பிடிக்கும் இடம் மறைவதில்லை. நீரில் கரைந்த ஒரு கிராம் சுக்ரோஸ் ஏறத்தாழ 0.62 மி.லி. இடத்தை எடுத்துக்கொள்கிறது. 10 கிராம் கரைந்தபின் பீக்கரில் இருப்பது 100 மி.லி. அன்று, ஏறத்தாழ 106.2 மி.லி. எனவே உண்மையான செறிவு 10 ÷ 106.2 = 0.0942. அந்தக் கரைசல் தரும் கோணம் 66.5 × 2 × 0.0942 = 12.5 டிகிரி. கணக்கில் மாணவர் c-யின் இடத்தில் 0.1 என்று இடுகிறார், 12.52 ÷ 0.2 = 62.6 என்று வருகிறது.

இப்போது அவர் பக்கத்து மேசையைப் பார்க்கிறார், பழைய ரெக்கார்டைப் பார்க்கிறார், பாடநூலைப் பார்க்கிறார். மூன்றும் 66.5 என்கின்றன. 12.5 என்ற கோணம் 13.3 ஆகிறது.

இந்தத் திருத்தத்தின் அளவைக் கவனியுங்கள். கருவியின் வெர்னியர் பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் என்றால், 12.5-க்கும் 13.3-க்கும் இடையே எட்டுப் பிரிவுகள் உள்ளன. கண் தவறிப் படித்ததாக ஏற்கக்கூடிய வேறுபாடு அன்று இது. வழக்கமாக 'பிழை மூலங்கள்' என்ற தலைப்பில் எழுதப்படும் காரணங்களும் இதற்குப் பொருந்துவதில்லை. "அறை வெப்பநிலை 20 டிகிரி அல்ல" என்று எழுதுவார்கள். அறை 30 டிகிரியில் இருந்தாலும் சுக்ரோசின் சுழற்சி குறைவது அரை சதவீதத்துக்கும் கீழேதான். "சர்க்கரை தூய்மையானதல்ல" என்று எழுதுவார்கள். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையே 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ். நமக்கு விளக்கம் தேவைப்படுவது ஆறு சதவீதத்துக்கு. அதை விளக்க ஒரே ஒரு பெயர்ச்சொல் போதும்.

சரியான முறை எல்லா வேதியியல் ஆய்வகங்களுக்கும் தெரிந்ததே. 10 கிராம் சர்க்கரையைச் சுமார் 60, 70 மி.லி. வாலைவடிநீரில் முழுதும் கரைத்து, 100 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் ஊற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் அதிலேயே சேர்த்து, கழுத்தில் உள்ள கோடு வரை நீர்விட்டு நிரப்பி, மூடிக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். எவ்வளவு நீர் சேர்த்தோம் என்று அங்கே எவரும் அளப்பதில்லை. அந்த அளவு தேவையும் இல்லை. கையேட்டில் "100 மி.லி. நீரில்" என்பதை "கரைசல் 100 மி.லி. ஆகும்வரை" என்று மாற்றினால் போதும். ஆங்கிலக் கையேடுகளிலும் இதே மயக்கம் இருக்கிறது என்பதால் இதை மொழிபெயர்ப்பின் குறை என்று தள்ளிவிட முடியாது.

நேர்கோடும் ஏமாற்றும்

"ஒரே அளவீட்டை நம்பாதே, பல செறிவுகளில் அளந்து வரைபடம் போடு, பிழை தானே வெளிப்படும்" என்பது நல்ல அறிவுரை. ஆனால் இங்கே அது பாதிதான் பலிக்கும். எந்தப் பாதி என்பது கரைசல்களை எப்படித் தயாரித்தோம் என்பதைப் பொறுத்தது.

ஒருவர் பீக்கரில் கலந்த அந்த முதற்கரைசலையே சம அளவு நீர் சேர்த்துப் பாதியாக, கால் பங்காக நீர்த்துக்கொண்டு போகிறார் என்று கொள்வோம். தாய்க்கரைசலில் உள்ள ஆறு சதவீதக் குறை எல்லாக் கரைசல்களுக்கும் ஒரே விகிதத்தில் இறங்கும். கோணத்தைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் அழகிய நேர்கோடு கிடைக்கும். சாய்வு மட்டும் தவறு. கோடு நேராக இருக்கிறது என்பதால் அளவீடு சரி என்று முடிவு செய்வோமானால், வரைபடமும் நம்மை ஏமாற்றும்.

மாறாக, ஒவ்வொரு கரைசலையும் தனித்தனியே, 100 மி.லி. நீரில் 5, 10, 15, 20 கிராம் என்று போட்டுத் தயாரித்தால் கதை வேறு. மேலே சொன்ன 0.62 மி.லி. என்ற மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால், 20 செ.மீ. குழாயில் எதிர்பார்க்க வேண்டிய கோணங்கள் முறையே 6.45, 12.52, 18.25, 23.67 டிகிரி. c-க்கு 0.05, 0.10, 0.15, 0.20 என்று இட்டுத் 'தன்சுழற்சி'யைக் கண்டால் 64.5, 62.6, 60.8, 59.2 என்று படிப்படியாக இறங்கும்.

இந்த இறக்கம்தான் செய்தி. தற்செயலான பிழை என்றால் எண்கள் மேலும் கீழும் சிதறும். இவை ஒரே திசையில், சர்க்கரை கூடக்கூட, ஒழுங்காகக் குறைகின்றன. இப்படிக் குறையும் வரிசையைக் கண்டால், சர்க்கரையோடு சேர்ந்து வளரும் ஏதோ ஒன்றை நாம் கணக்கில் விட்டுவிட்டோம் என்று பொருள். அது கன அளவு. அந்த நான்கு எண்களைச் சர்க்கரையின் கிராம் அளவுக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பின்னோக்கிச் சுழியத்துக்கு நீட்டினால், அது 66.5-ஐ ஒட்டி வந்து முட்டும். சர்க்கரையே இல்லாத எல்லையில் நீரும் கரைசலும் ஒன்றாகிவிடுகின்றன அல்லவா? அதோடு, 66.5-ஐ 62.6-ஆல் வகுத்தால் 1.062 கிடைக்கிறது. 100 மி.லி. நீர் 106.2 மி.லி. கரைசல் ஆகியிருக்கிறது என்பதை, அளவு ஜாடியைத் தொடாமலே, ஒளி சொல்லிவிட்டது.

அதாவது, 'தவறான' செய்முறையை நேர்மையாகச் செய்து முடித்த மாணவர், கரைந்த ஒரு கிராம் சர்க்கரை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையே அளந்திருக்கிறார். பாடத்திட்டம் கேட்டதைவிட நுட்பமான விடை அது. அதைத்தான் ரப்பர் அழிக்கிறது.

கண்ணை நம்பலாமா?

இவ்வளவையும் சொல்லும்போது எழும் நியாயமான ஐயம், அந்த 12.5 டிகிரியை எவ்வளவு நம்பலாம் என்பது. கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் லாரன்ட் அரைநிழல் போலாரிமீட்டர். அதன் அமைப்பே இந்த ஐயத்துக்குப் பதில்.

இரண்டு நிக்கல் பட்டகங்கள் அல்லது போலராய்டுகள் மட்டும் இருந்தால், காட்சிப்புலம் முழுதும் இருளும் இடத்தை நாம் தேட வேண்டியிருக்கும். அந்த இருள் சில டிகிரி அகலத்துக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். 'மிகவும் இருண்ட' புள்ளி எது என்று கண்ணால் தீர்மானிக்க இயலாது. ஆனால் அருகருகே உள்ள இரண்டு பரப்புகளில் எது சற்றே வெளிச்சமானது என்று ஒப்பிடுவதில் கண் மிகக் கூர்மையானது. லாரன்ட் தகடு இந்த வலிமையைப் பயன்படுத்திக்கொள்கிறது. வட்டத் தகட்டில் பாதி கண்ணாடி, பாதி குவார்ட்சு. குவார்ட்சுப் பாதி சோடியம் ஒளிக்கு அரை அலைத் தகடாக இருக்கும்படி தடிமன் அமைக்கப்பட்டிருக்கிறது. இதன் வழியே வரும் ஒளியின் அதிர்வுத் தளங்கள் இரண்டு பாதிகளிலும் ஒன்றுக்கொன்று சிறு கோணம் சாய்ந்திருக்கும். பகுப்பானைத் திருப்பும்போது ஒரு பாதி இருள, மறுபாதி ஒளிரும். இரண்டும் சமமாக மங்கி, நடுக்கோடு மறையும் நிலையே அளவீட்டு நிலை.

இதில் மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. நடுக்கோடு மறையும் நிலைகள் இரண்டு வகை: இரு பாதியும் சமமாக மங்கியிருப்பது ஒன்று, சமமாகப் பளிச்சென்றிருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. பளிச்சென்ற நிலையில் பகுப்பானை ஒரு டிகிரி திருப்பினாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மங்கிய நிலையிலோ மிகச் சிறிய திருப்பமும் ஒரு பாதியைத் தெளிவாக இருளச் செய்யும். ஆகவே சரியான நிலையில்தான் இருக்கிறோமா என்பதை அறிய எளிய சோதனை இது: பகுப்பானை இருபுறமும் லேசாக அசைத்துப் பாருங்கள். பாதிகள் உடனே இடம் மாறி இருண்டால் சரியான நிலை. சோம்பலாக மாறினால் தவறான நிலை.

முதலில் வாலைவடிநீர் நிரப்பிய குழாயில் இந்த நிலையைக் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே குழாயில் கரைசலை நிரப்பிக் காண வேண்டும். இரண்டின் வேறுபாடே சுழற்சிக் கோணம். குழாயின் மூடியை அளவுக்கு மீறி முடுக்கினால் முனைக் கண்ணாடி இறுக்கத்துக்கு உள்ளாகி, அதுவே ஒளியின் தளவிளைவைக் குலைக்கும். நீருக்கும் கரைசலுக்கும் முடுக்கம் வேறுபட்டால் அந்தக் குலைவு வேறுபாட்டில் நீங்காது. காற்றுக் குமிழ் இருந்தால் குழாயின் புடைத்த பகுதியில் ஒதுக்கிவிட வேண்டும். இவ்வளவைக் கவனித்துச் சில முறை எடுத்த அளவீடுகளின் சராசரி, பத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்குள் நிற்கும். அரை டிகிரிக்கு மேல் பிசகுவது அரிது. எட்டுப் பிரிவுகள் பிசகுவதற்குக் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

கோணத்தின் திசையைப் பற்றியும் ஒரு சொல். 'வலஞ்சுழி' என்பது யாருக்கு வலம்? ஒளி வரும் மூலத்தை நோக்கி நிற்கும் பார்வையாளருக்கு, கடிகார முள்ளின் திசையில். ஒளியோடு சேர்ந்து பயணிப்பவருக்கு அதே திருப்பம் இடம். இந்த வரையறை இல்லாமல் கூட்டல், கழித்தல் குறிகளுக்குப் பொருளே கிடையாது. மேலும், 13.3 டிகிரி வலமாகத் திரும்பிய தளமும் 166.7 டிகிரி இடமாகத் திரும்பிய தளமும் ஒன்றே; ஒரே அளவீட்டில் கருவி இவற்றைப் பிரித்துச் சொல்லாது. கரைசலைப் பாதியாக நீர்த்துப் பார்த்தால் தெளிவாகும். வலம் என்றால் கோணம் 6.65-க்கு இறங்கும். இடம் என்றால் இடப்புறம் 83.35-க்கு, அதாவது வலப்புறம் 96.65 என்று படிக்கும் இடத்துக்குப் போகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் "சர்க்கரை வலஞ்சுழி" என்று எழுதுபவர் அளந்து எழுதவில்லை, படித்து எழுதுகிறார்.

கருவி எதைச் சொல்லாது

கருவியை நம்புங்கள் என்று வாதிடும் ஒருவர் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். போலாரிமீட்டர் சுக்ரோசை அளப்பதில்லை. கரைசலில் உள்ள ஒளிசுழற்றும் பொருள்கள் அனைத்தின் கூட்டுத்தொகையை அளக்கிறது.

அதே 10 சதவீதக் கரைசலில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால், சுக்ரோஸ் நீருடன் வினைபுரிந்து சம எண்ணிக்கையில் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிகிறது. குளுக்கோசின் தன்சுழற்சி சமநிலையில் ஏறத்தாழ +52.7, ஃபிரக்டோசினுடையது ஏறத்தாழ −92. சம அளவில் கலந்தால் சராசரி −20-ஐ ஒட்டி வரும். எனவே 13.3 என்று தொடங்கிய கோணம் மெல்ல இறங்கி, சுழியத்தைக் கடந்து, இறுதியில் −4 டிகிரிக்கு அருகில் நிற்கும். வலம் இடமாகக் கவிழ்ந்ததால்தான் இதற்குத் 'தலைகீழாக்கம்' என்று பெயர் வந்தது. இந்த இறக்கத்தின் வேகத்தைப் போலாரிமீட்டரால் தொடர்ந்து அளந்தே 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி வேதிவினை வேகத்துக்கான முதற் கணித விதிகளில் ஒன்றை எழுதினார்.

இதில் நமக்குரிய எச்சரிக்கை, கோணம் சுழியமாகும் அந்தக் கணம். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சுக்ரோஸ் பிரிந்திருக்கும் வேளையில் கருவி '0' காட்டும். கரைசல் நாவில் இனிக்கும், சர்க்கரையின் மொத்த எடையும் குறைந்திருக்காது. ஆனால் கோணத்தை மட்டும் பார்த்துச் செறிவு கணக்கிடுபவர் "சர்க்கரை இல்லை" என்று எழுதுவார். பலநாள் வைத்திருந்து நுண்ணுயிர் பிடித்த கரைசலைக் கொண்டு அளப்பவருக்கும் சிறிய அளவில் இதே நிலைமைதான்.

சர்க்கரை ஆலைகளின் ஆய்வகம் இந்த எல்லையைத் தன் கலைச்சொல்லிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே கரும்புச் சாற்றைப் போலாரிமீட்டரில் இட்டுக் கிடைக்கும் சதவீதத்தை 'சுக்ரோஸ்' என்று சொல்வதில்லை, 'போல்' என்கிறார்கள். சுழற்சி முழுவதும் சுக்ரோசால் மட்டுமே விளைந்தது என்று கொண்டால் வரும் மதிப்பு என்பதே அதன் பொருள். அனைத்துலக அளவுகோலும் இதே அடிப்படையில் அமைந்தது: 100 மி.லி. கரைசலில் 26 கிராம் தூய சுக்ரோஸ், 20 செ.மீ. குழாய், 20 டிகிரி வெப்பநிலை. அப்போது கிடைக்கும் ஏறத்தாழ 34.6 டிகிரிச் சுழற்சி 100 என்று கொள்ளப்படுகிறது. அந்த வரையறையிலும் 'கரைசலில்' என்பதே சொல், 'நீரில்' என்பதன்று.

வெட்டிய கரும்பு நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் இரண்டு நிகழ்கின்றன. சுக்ரோசில் ஒரு பகுதி தலைகீழாகிப் போல் மதிப்பைக் கீழிறக்கும். பாக்டீரியா சுக்ரோசிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்னும் பசைப்பொருளை உண்டாக்கும். அதன் தன்சுழற்சி சுக்ரோசினுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதுவும் வலப்புறம். ஆகவே அது இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். ஆலையில் ஆவியாக்கிப் படிகமாக்கும்போதுதான் அந்தச் சர்க்கரை மூட்டைக்கு வந்து சேரவில்லை என்பது தெரியும். தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டது: அது சர்க்கரையன்று, சர்க்கரை போல். தான் அளப்பது எது, அளக்காதது எது என்று ஒரு தொழிற்கூடம் சொல்லளவில் காக்கும் இந்த நேர்மையைத்தான் கல்லூரி ஆய்வகத்திலும் எதிர்பார்க்கிறேன்.

என்ன செய்யலாம்

விடை தெரிந்த கேள்வியைக் கேட்பதுதான் இந்தச் செய்முறையின் மூலக்கோளாறு. 66.5-ஐ 'கண்டுபிடி' என்றால் மாணவர் கண்டுபிடிக்க மாட்டார், சென்று சேர்வார். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 66.5 என்பதைப் பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டு, செறிவு தெரியாத கரைசலைக் கையில் கொடுங்கள். ஆய்வக உதவியாளர் காலையில் ஐந்து புட்டிகளில் ஐந்து வெவ்வேறு செறிவுகளைத் தயாரித்து, எண் மட்டும் ஒட்டி வைத்தால் போதும். ஒரு மாணவருக்கு 8.9 டிகிரி வந்தால், 8.9 ÷ 133 = 0.067, அதாவது 100 மி.லி. கரைசலில் 6.7 கிராம். பார்த்து எழுதுவதற்குப் பக்கத்து மேசையில் அதே புட்டி இருக்காது, பழைய ரெக்கார்டிலும் அந்த எண் இருக்காது. போலாரிமீட்டர் உலகில் உண்மையாகச் செய்யும் வேலையும் இதுவே. தன்சுழற்சியைப் புதிதாகக் காணச் சொல்லி எந்த ஆலையும் எவருக்கும் ஊதியம் தருவதில்லை.

"அப்படிச் செய்தால் சமன்பாட்டின் சரித்தன்மையை மாணவர் எங்கே சோதிப்பார்?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு இரண்டாம் பகுதியாக இப்படி ஒன்றை வைக்கலாம். ஒரே 10 கிராம் சர்க்கரையைக் கொண்டு, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் கோடு வரை நிரப்பி ஒரு கரைசல். பீக்கரில் 100 மி.லி. நீரில் போட்டு மற்றொரு கரைசல். இரண்டையும் அளந்து, 13.3-க்கும் 12.5-க்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு விளக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிற்பகலில் முடியும். கூடுதல் செலவு 10 கிராம் சர்க்கரை. செறிவு என்றால் என்ன என்பதை அதற்குப் பின் எந்த மாணவரும் மறக்க மாட்டார் என்பது என் துணிபு.

மதிப்பெண் முறையிலும் ஒரு சிறு மாற்றம் தேவை. பாடநூல் மதிப்புக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதற்கு வழங்கும் மதிப்பெண்ணை, நீர்க்குழாயின் அளவீடு, கரைசலின் ஒவ்வொரு தனி அளவீடு, கரைசல் தயாரித்த முறை ஆகிய மூன்றும் அழித்தல் திருத்தல் இன்றி எழுதப்பட்டிருப்பதற்கு மாற்றுங்கள். 62.6 என்று எழுதி, "பீக்கரில் 100 மி.லி. நீர் ஊற்றிக் கரைத்தேன்" என்றும் எழுதியிருக்கும் ரெக்கார்டு, முழு மதிப்பெண் பெறத் தக்க ரெக்கார்டு. ஏனெனில் அதை வைத்து எவரும், எந்த ஆண்டிலும், பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் சரியான மதிப்பு என்ன என்பதையும் மீட்டெடுக்கலாம். 66.5 என்று திருத்தி எழுதப்பட்ட ரெக்கார்டிலிருந்து எதையும் மீட்க முடியாது.

நாளை ஆய்வகத்துக்குச் செல்லும் ஆசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் நான் கேட்பது ஒன்றே. கையேட்டின் முதற்பக்கத்தைத் திறந்து, "100 மி.லி. நீரில்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுக் 'கரைசலில்' என்று எழுதுங்கள். அந்த வாக்கியம் சரியானால், கீழே உள்ள எண்களைத் திருத்தும் தேவை மாணவர்களுக்கு இராது.